ஸ்பானியம் பேசுற சீனி வருத்தக்காரருக்குச் சாப்பாட்டு முறை விளங்கப்படுத்துறது எப்படி? (திருகோணமலை)

உப்புவெளித் தாதி
வணக்கம். திருகோணமலையில ஒரு சின்னத் தனியார் கிளினிக்கில வேலை செய்யிறேன். ஸ்பானியம் ஓரளவு படிச்சிருக்கிறேன், கதைச்சால் விளங்கும், ஆனால் சாப்பாட்டு விஷயம் வந்தால் வாய் கட்டிப்போகுது. போன கிழமை ஒரு ஸ்பெயின்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தவை. வயது அறுபதுக்கு மேல, பக்கத்து விடுதியில மனுசியோட ரெண்டு மாதம் தங்க வந்தவர். சீனி வருத்தத்துக்கு மெட்போமினும் கிளிக்லசைட்டும் குடிக்கிறார். நிலாவெளியிலயிருந்து புறாத்தீவுக்குப் படகில போய் மீன் பார்க்க நீந்தியிருக்கிறார். திரும்பி வரேக்க வேர்த்து ஒழுகி, கை நடுங்கி, சம்பந்தமில்லாமல் கதைச்சாராம். மனுசி வெயில் எண்டு நினைச்சுத் தண்ணிதான் குடுத்திருக்கிறா. எங்களிட்ட வந்து பார்க்க சீனி 54.

அவரை ஏற்கெனவே தெளிய வச்சு அனுப்பியாச்சு. இந்தக் கிழமை திரும்ப வருவார். டொக்டர் என்னட்ட, "சாப்பாட்டு முறையை நீயே அவரின்ர மொழியில சொல்லு" எண்டுட்டார். எதைத் தவிர்க்கிறது, எவ்வளவு சாப்பிடுறது, எத்தனை மணிக்கு, இந்த மூண்டையும் அரை மணித்தியாலத்துக்குள்ள சொல்லோணும். யாராவது வழி சொல்லுங்கோ.

நிலாவெளி ரவி
இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை தங்கச்சி? "நோ அசூகார், நோ அர்ரோஸ்" எண்டு ரெண்டு வரி. சீனி இல்லை, சோறு இல்லை. எனக்கு ஸ்பானியக்காரர் கனபேர் வாடிக்கையாளர்கள், இது போதும். சோறு இல்லாமல் இருக்க ஏலாது எண்டால் சிவப்பரிசிச் சோறு எவ்வளவும் சாப்பிடலாம், அதில சீனி ஏறாது.

மட்டுநகர் சத்துணவு
ரவி அண்ணா, சிவப்பரிசி கொஞ்சம் மெதுவாக ஏத்தும் எண்டது சரி. ஆனால் ஏத்தாது எண்டு இல்லை. ஒரு கோப்பை சிவப்புச் சோறும் ஒரு கோப்பை வெள்ளைச் சோறும் மாப்பொருளில கிட்டத்தட்ட ஒண்டுதான், எவ்வளவும் எண்டால் எவ்வளவும் ஏறும். அதைவிட "சோறு இல்லை" எண்டு சொன்னால் அந்த மனுசன் பரோட்டாவையும் ரொட்டியையும் கூடச் சாப்பிடுவார், தான் சொன்னபடி நடந்ததாகவே நினைப்பார். விலக்குற பட்டியல் மட்டும் குடுத்தால் இதுதான் நடக்கும்.

தாதித் தங்கச்சி, ஒரு விஷயம் முதல்ல கேட்கோணும். அவருக்குச் சீனி கூடினதில்லை, குறைஞ்சதுதானே பிரச்சினை. குறைஞ்சவருக்கு "அதைச் சாப்பிடாதே, இதைச் சாப்பிடாதே" எண்டு தொடங்கினால் பயத்தில இன்னும் குறைப்பார். அண்டைக்குக் காலமை என்ன சாப்பிட்டார், மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிட இருந்தவர், குளுசை எப்ப போட்டவர்?

உப்புவெளித் தாதி
துண்டில "காலை உணவு சாப்பிட்டார்" எண்டு எழுதியிருக்கு. நானும் கேட்டனான், "தெசாயுனோ?" எண்டு. "சி, சி" எண்டு சொன்னார். குளுசை 8 மணிக்கு. மத்தியானச் சாப்பாடு விடுதியில 3 மணிக்கு.

பார்சிலோனாக் கடலோரன்
நான் இங்க ஆஸ்பத்திரிகளில உருதுக்காரருக்கும் எங்கட ஆக்களுக்கும் மொழிபெயர்ப்பு செய்யிறனான், ஸ்பானியம் அன்றாடம் ஓடுது. அந்த ஐயா ஸ்பெயினில எந்தப் பக்கம்? அது தெரிஞ்சால் கொஞ்சம் சொல்லலாம்.

உப்புவெளித் தாதி
வலென்சியா எண்டு சொன்னார்.

பார்சிலோனாக் கடலோரன்
அப்ப விஷயம் விளங்குது எண்டு நினைக்கிறேன். வலென்சியாக்காரருக்குக் காலமை எழும்பின உடன "தெசாயுனோ" எண்டால் ஒரு கோப்பிதான், கூடப் போனால் ரெண்டு பிஸ்கட். உண்மையான சாப்பாடு பத்து, பத்தரைக்கு. அதுக்குப் பேர் "அல்முயெர்ஸோ". ஒரு பெரிய பாணை நடுவில வெட்டி முட்டையோ இறைச்சியோ வச்சு உட்கார்ந்து சாப்பிடுவினம். அந்தப் பக்கத்தில அது ஒரு பழக்கம் இல்லை, கிட்டத்தட்ட ஒரு மதம் மாதிரி. பிறகு ரெண்டு, மூண்டு மணிக்கு "கொமீதா", இரவு ஒன்பது தாண்டித்தான் "தேனா".

அந்த ஐயா ஊரில 8 மணிக்கு கிளிக்லசைட் போட்டாலும் பத்தரைக்குப் பாண் உள்ள போகுது, ஒண்டும் நடக்காது. புறாத்தீவில பத்தரைக்கு அவர் தண்ணிக்குள்ள. எந்த நேரமும் இருந்த சாப்பாடு அண்டைக்கு இல்லை, அதுக்கு மேல நீச்சல்.

இதில இன்னொரு சிக்கல். கொலம்பியா, பெரு பக்கத்தில அல்முயெர்ஸோ எண்டால் மத்தியானச் சாப்பாடு. நீங்க படிச்ச புத்தகம் அந்த ஸ்பானியமாக இருந்தால், "அல்முயெர்ஸோவைப் பிந்தாதேங்கோ" எண்டு நீங்க மத்தியானத்தை நினைச்சுச் சொல்லுவியள், அவர் பத்தரையை விளங்கிக்கொள்ளுவார். சாப்பாட்டின்ர பேரையே விடுங்கோ. மணியைச் சொல்லுங்கோ: "அ லாஸ் ஒச்சோ தெ லா மஞானா", காலமை 8 மணிக்கு. "அ லா ஊனா", 1 மணிக்கு. ஒரு தாளில கடிகாரம் கீறிக் காட்டினாலும் காணும்.

மட்டுநகர் சத்துணவு
கடலோரன் சொன்னது நூறு வீதம் பொருந்துது. கிளிக்லசைட் கணையத்தை நெருக்கி இன்சுலினை வெளிய விடப் பண்ணுற குளுசை. சாப்பிட்டாலும் சாப்பிடாட்டிலும் அது தன்ர வேலையைச் செய்யும். மெட்போமின் மட்டும் எண்டால் ஒரு நேரச் சாப்பாடு பிந்தினால் பெரிய பயமில்லை. அதனால "நேரத்துக்குச் சாப்பிடுங்கோ" எண்டு பொதுவாகச் சொல்லாமல், "இந்தக் குளுசை போட்டால் உடன சாப்பாடு" எண்டு குளுசையோட கட்டிச் சொல்லுங்கோ. பெட்டியைக் கையில எடுத்துக் காட்டிச் சொன்னால் மறக்கமாட்டார்.

கடலுக்குப் போற நாளுக்கு வேற கணக்கு. வெளிக்கிட முதல் விரலில குத்திப் பார்க்கோணும். 100க்குக் கீழ இருந்தால் ஒரு வாழைப்பழமோ ஒரு துண்டுப் பாணோ சாப்பிட்டுப் போட்டுத்தான் தண்ணியில இறங்கலாம். பத்தரைக்கு அவற்ற பாண் படகில இருக்கோணும். அது அவற்ற ஊர்ப் பழக்கம், அவருக்குப் புதுசாகச் சொல்லத் தேவையில்லை. திரும்பக் குடுக்கிறீங்க, அவ்வளவுதான்.

நிலாவெளி ரவி
சரி, விட்டுக்குடுக்கிறேன். அப்ப கடலுக்குப் போற நாள் அந்தக் குளுசையைப் போடாமல் விட்டால் என்ன? சுகமான வழி.

மட்டுநகர் சத்துணவு
சில பேருக்கு டொக்டர் அப்படிச் சொல்லுறதும் உண்டு, அல்லது அளவைக் குறைப்பார். ஆனால் அது அவர் தீர்மானிக்கிற விஷயம். நாங்கள் சாப்பாட்டு வகுப்பில சொன்னால் பிறகு மனுசன் கலியாண வீட்டுக்குப் போற நாளும் விட்டிடுவார், அல்லது வலென்சியா போன பிறகும் விட்டிடுவார். தங்கச்சி, நீங்க டொக்டரிட்ட இதை எழுத்தில கேளுங்கோ: படகு நாளுக்குக் குளுசை என்ன செய்யிறது?

கிண்ணியா மகள்
எல்லாருக்கும் ஸலாம். எங்கட வாப்பாவுக்கும் சீனி 240. ஒலிவ் எண்ணெயில சமைச்சால் குறையும் எண்டு சொல்லுறாங்க, ஸ்பெயின்காரர் அதைத்தானே சாப்பிடுறவங்க? எந்தக் கடையில வாங்கலாம்? குரக்கன் பிட்டு குடுக்கலாமா?

மட்டுநகர் சத்துணவு
தங்கச்சி, எண்ணெய் மாத்தினால் 240 இறங்காது. குரக்கன் பிட்டும் பிட்டுத்தான், தேங்காய்ப்பூவோட நிறையப் போட்டால் சோறு மாதிரியே ஏறும். 240 சாப்பிட முதலா, பிறகா எண்டு தெரியாமல் ஒண்டும் சொல்ல ஏலாது. வாப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கோ. தனி இழை திறந்தால் அங்க எழுதுறேன்.

உப்புவெளித் தாதி
நேரம் தெளிஞ்சுது, நன்றி. இனி அளவு. "சோறு கொஞ்சமாக" எண்டதை "உன் போகோ தெ அர்ரோத்" எண்டு சொல்லலாம் தானே?

அலஸ்தோட்டம் விடுதிக்காரர்
நான் விடுதி நடத்திற ஆள், ஊசி மருந்து தெரியாது. ஆனால் "கொஞ்சம்" எண்டு எங்கட சமையல்காரர் வைக்கிற சோறைப் பார்த்தால் நீங்க சிரிப்பீங்க. சோறு கறி கேட்டு வாற வெள்ளைக்காரருக்குக் குவிச்சுத்தான் வைக்கிறது. குறைச்சு வச்சால் கஞ்சன் எண்டு கூகிளில எழுதிப்போடுவினம். எங்கட கோப்பைகளும் பெரிசு, பாதி நிறைக்கச் சொன்னாலே ரெண்டு பேர் சாப்பாடு. அந்த ஐயாவுக்கு மட்டும் சொல்லிப் பிரயோசனமில்லை, கரண்டி பிடிக்கிற ஆளுக்கும் சொல்லோணும்.

மட்டுநகர் சத்துணவு
விடுதிக்காரர் சொன்னது இங்க உள்ளதில பயனான பேச்சு. தங்கச்சி, கையை அளவாக வையுங்கோ. அவிச்ச சோறு அவற்ற மூடின கைமுட்டி அளவு. மீன் அவற்ற உள்ளங்கை அளவு, விரல் சேர்க்காமல். கோப்பையில பாதிக்கு மரக்கறி: பயற்றங்காய், கீரை, கத்தரி, முருங்கைக்காய். உருளைக்கிழங்கும் மரவள்ளியும் மரக்கறிப் பக்கத்தில ஏறக்கூடாது, அது சோத்துப் பக்கம். பருப்பும் பாதி அப்படித்தான். இதில கனபேர் பிழைக்கிறது கிழங்குக் கறியில. சோத்தைக் குறைச்சுப்போட்டு அதே அளவு கிழங்கை அள்ளுவினம்.

பார்சிலோனாக் கடலோரன்
ஸ்பானியத்தில: "மெதியோ பிளாத்தோ தெ பெர்துராஸ்", கோப்பையில பாதி மரக்கறி. "உன் பூஞோ தெ அர்ரோத் கொதீதோ", ஒரு கைமுட்டி அவிச்ச சோறு. "பெஸ்காதோ கோமோ லா பல்மா தெ சு மானோ", உங்கட உள்ளங்கை அளவு மீன். சொல்லேக்க உங்கட கையைக் காட்டாதேங்கோ, அவற்ற கையைப் பிடிச்சுக் காட்டுங்கோ. அவற்ற கை பெரிசு.

இன்னொண்டு முக்கியம். ஸ்பெயினில சீனி வருத்தக்காரரைப் பழக்கிறது "ரஸியோன்" கணக்கில. அங்க ஒரு ரஸியோன் எண்டால் 10 கிராம் மாப்பொருள். 20 கிராம் பாண் ஒண்டு, 200 மில்லிலீற்றர் பால் ஒண்டு. அவருக்கு இந்தக் கணக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும் எண்டு நினைக்கிறேன்.

மட்டுநகர் சத்துணவு
நல்ல வேளை சொன்னீங்க. நாங்கள் படிச்சது அமெரிக்கக் கணக்கு, ஒரு பங்கு எண்டால் 15 கிராம். தங்கச்சி இங்கத்தைப் புத்தகத்தைப் பார்த்து "மத்தியானம் மூண்டு பங்கு" எண்டு சொன்னால் நாங்கள் நினைக்கிறது 45 கிராம், அவர் சாப்பிடுறது 30. கிளிக்லசைட் குடிக்கிற ஆளுக்கு இந்த வித்தியாசம் சும்மா இல்லை.

ஒரு கப் அவிச்ச சோத்தில கிட்டத்தட்ட 45 கிராம் மாப்பொருள் இருக்கும். அவற்ற கணக்கில நாலரை ரஸியோன். கைமுட்டி அளவும் ஏறக்குறைய இதுதான். ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்கோ, அவருக்கு நம்பிக்கை வரும்: "உன் பூஞோ, குவாத்ரோ ரஸியோனெஸ் இ மெதியா". ரஸியோன் தெரியாட்டி கைமுட்டியோட விட்டிடுங்கோ.

உப்புவெளித் தாதி
எழுதி வச்சிட்டேன். இப்ப "தவிர்க்கிறது". விடுதி மெனுவைப் பார்த்தால் தலை சுத்துது. தயிரும் கித்துள் பாணியும் காலமையும் இரவும் சாப்பிடுறாராம். "சீனி இல்லை, மரத்திலயிருந்து வாறது" எண்டு மனுசி சொன்னா. செவ்விளநீர் ஒரு நாளைக்கு எத்தனையோ. பால்தேத்தண்ணியில சீனி போட்டுத்தான் வருது, சொல்லாட்டி.

பார்சிலோனாக் கடலோரன்
கித்துள் பாணியை மனுசி "மியெல் தெ பல்மா" எண்டு நினைச்சிருப்பா. கனேரித் தீவுகளில லா கொமேராவில பனைவகை மரத்துப் பதநீரைக் காய்ச்சிச் செய்யிற ஒரு பாணிக்கு அந்தப் பேர்தான். தேன் எண்டு பேர் இருக்கிறதால உடம்புக்கு நல்லது எண்டு ஒரு எண்ணம் அங்கயும் இருக்கு. நேராகச் சொல்லுங்கோ: "எஸ் அதூகார், இகுவால் கெ எல் அதூகார் பிளாங்கோ". வெள்ளைச் சீனி மாதிரியே இதுவும் சீனி.

மட்டுநகர் சத்துணவு
நீண்ட பட்டியல் வேண்டாம். அவருக்கு உண்மையாக உள்ள போறதை மட்டும் சொல்லுங்கோ. பாணியும் கருப்பட்டியும் வேண்டாம், தயிர் தனிய சரி. தேத்தண்ணி சீனி போடாமல். செவ்விளநீரைத் தண்ணி மாதிரிக் குடிக்கக்கூடாது, அதிலயும் சீனி இருக்கு, தாகத்துக்குத் தண்ணி. பழச்சாறு வேண்டாம், பழமாகச் சாப்பிடலாம். மாம்பழம் எண்டால் ஒரு கன்னம், முழுசாக இல்லை. இதுக்கு மேல போனால் அரை மணித்தியாலம் காணாது.

ஆனால் ஒரு விதிவிலக்கைச் சேர்த்துச் சொல்லோணும். இல்லாட்டி ஆபத்து. சீனி குறைஞ்சு நடுங்கேக்க இதே சீனிதான் மருந்து. "அதூகார் வேண்டாம்" எண்டு அரை மணித்தியாலம் படிப்பிச்சுப்போட்டு விட்டால், படகில நடுங்கேக்க மனுசி திரும்பவும் வெறும் தண்ணிதான் குடுப்பா. மூண்டு தேக்கரண்டி சீனி தண்ணியில கரைச்சு உடன. 15 நிமிசம் பார்த்து, திரும்பக் குத்தி, இன்னும் 70க்குக் கீழ எண்டால் இன்னொருக்கா. ஏறினதும் பாணோ பிஸ்கட்டோ, ஏனெண்டால் அந்தக் குளுசை இன்னும் உள்ள வேலை செய்யுது. மில்க் டொபியும் சொக்லேட்டும் இதுக்குச் சரிவராது, கொழுப்பு இருக்கிறதால மெதுவாகத்தான் ஏறும். மனுசன் மயங்கியிருந்தால் வாயில ஒண்டும் ஊத்தக்கூடாது, உடன ஆஸ்பத்திரி.

நிலாவெளி ரவி
இது எங்கட படகுப் பெடியங்களுக்கும் தெரிஞ்சிருக்கோணும். நான் படகில ஒரு போத்தல் சீனித்தண்ணி வைக்கச் சொல்லுறேன்.

உப்புவெளித் தாதி
இண்டைக்கு வந்து போயிட்டார். நடந்ததைச் சொல்லுறேன்.

மனுசியையும் உள்ள கூப்பிட்டேன். விடுதிச் சமையல்காரரையும் வரச்சொன்னேன், வந்தார். கிளிக்லசைட் பெட்டியை மேசையில வச்சுக் கொண்டு கடிகாரம் கீறினேன். ஏழரைக்குக் குளுசை, கூடவே முட்டையும் பருப்பும் ரெண்டு துண்டுப் பாணும். பத்தரைக்குப் பாதிப் பாண் முட்டையோட, படகு நாளிலும். ஒரு மணிக்குச் சோறு, பிந்தினாலும் ஒன்றரை. நாலரைக்குச் சீனியில்லாத் தேத்தண்ணி. இரவுச் சாப்பாடு எட்டுக்கு. பாண் எண்ட சொல் அவருக்கு அப்படியே விளங்குது, சமையல்காரருக்கும் அதே சொல், ரெண்டு பேரும் தாங்களே கதைச்சு முடிச்சிட்டினம்.

"விளங்கிச்சா?" எண்டு கேட்டால் "சி, சி" எண்டுதான் வரும் எண்டு தெரிஞ்சு, கடலோரன் தனிச்செய்தியில அனுப்பினதைச் சொன்னேன்: "பாரா சபேர் சி மெ எ எக்ஸ்ப்ளிகாதோ பியென், குவென்தெமெ கே பா அ கொமேர் மஞானா". நான் சரியாகச் சொன்னேனோ எண்டு பார்க்க, நாளைக்கு என்ன சாப்பிடப்போறீங்க எண்டு சொல்லுங்கோ. சாப்பாட்டு நேரம் அப்படியே சொன்னார். சோத்துக்குக் கைமுட்டியைக் காட்டினார். பிறகு கிழங்குக் கறியை மரக்கறிப் பாதியில வச்சார்! மட்டுநகர் அக்கா சொன்னபடியே. திருத்தினேன். சீனி குறைஞ்சால் என்ன செய்யிறது எண்டு கேட்டதுக்கு அவர் யோசிக்க, மனுசி "மூண்டு கரண்டி, பதினைஞ்சு நிமிசம்" எண்டு உடன சொன்னா.

இன்னொண்டும் பிடிபட்டது. மெட்போமின் போத்தல் ஒண்டை இங்க வாங்கியிருக்கினம். அதில ஆங்கிலத்தில ஒரு நாளைக்கு ஒருக்கா எண்டு ஒட்டியிருக்கு. "வன்ஸ்" எண்ட அந்த எழுத்துகளை ஸ்பானியத்தில வாசிச்சால் "ஒன்தெ", பதினொண்டு. அவர் அதைப் பதினொரு மணிக்குக் குடிச்சுக்கொண்டிருந்திருக்கிறார். நல்லகாலம் பதினொரு குளுசை எண்டு விளங்கேல்ல. வெட்டிப்போட்டு "உனா பெஸ்" எண்டு பேனையால எழுதி விட்டேன்.

பார்சிலோனாக் கடலோரன்
அது தெரிஞ்ச ஆபத்து. இலக்கத்தில எழுதினால் போதும், "1".

ஒரு விஷயத்தில மட்டும் எனக்கு உடன்பாடில்லை. வலென்சியாக்காரருக்கு இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு? ரெண்டு நாள் செய்வார். ஒன்பதுக்கு விட்டு, நாலரைத் தேத்தண்ணியோட ரெண்டு கிறாக்கரைச் சேர்த்திருக்கலாம்.

மட்டுநகர் சத்துணவு
அது கிளிக்லசைட் ஒரு நேரமா ரெண்டு நேரமா எண்டதைப் பொறுத்தது. காலமை ஒண்டு மட்டும் எண்டால் ஒன்பதும் பரவாயில்லை. பின்னேரமும் ஒண்டு இருந்தால், சாப்பாட்டோட அதுவும் ஒன்பதுக்குப் போகோணும், இரவில குறையுதோ எண்டும் பார்க்கோணும். தங்கச்சி, எத்தனை நேரம்?

உப்புவெளித் தாதி
காலமை மட்டும். ஒன்பதுக்கு விடலாமோ எண்டு டொக்டரிட்டக் கேட்கிறேன். படகு நாள் குளுசையைப் பற்றியும் அவர் இன்னும் பதில் சொல்லேல்ல. அதுவரைக்கும் கடலுக்குப் போகவேண்டாம் எண்டு சொல்லியிருக்கிறேன், முகம் சுருங்கிப்போச்சு.

அலஸ்தோட்டம் விடுதிக்காரர்
அந்தச் சமையல்காரர் எங்கட ஆளுக்கு மச்சான். ரெண்டு பேரும் இப்ப எல்லாருக்கும் கைமுட்டிச் சோறுதான் வைக்கினமாம். என்ர விருந்தாளிகள் இன்னும் சோறு கேட்டு வருகினம். சீனி வருத்தம் இல்லாத ஆக்களுக்கு வழமைபோல வைக்கச் சொல்லி யாராவது அவைக்கும் ஒரு வகுப்பு எடுங்கோ.